டிஸ்சார்ஜ் நேரத்தில் குழந்தையின் டேக் நம்பர் சேரவில்லை: நர்ஸ் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: அக்கா, நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில், பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். ஒன்றரை வருஷ அனுபவம்தான். நேற்று டிஸ்சார்ஜ் பண்ணும்போது குழந்தை காலில் இருந்த டேக் நம்பரும் அம்மா கையில் இருந்த நம்பரும் சேரவில்லை. கடைசி இரண்டு எண் வேற. குழந்தை கையில் டேக்கே இல்லை. சீனியர் சிஸ்டர் ஒருத்தர் "எழுத்துப் பிழைதான், புது டேக் எழுதிப் போட்டு அனுப்பு" என்றார்கள். நான் அனுப்பாமல் சூப்பரின்டெண்டிடம் சொல்லிவிட்டேன். இப்போது எல்லோரும் என்னைக் குத்தம் சொல்கிறார்கள். நான் செய்தது சரியா? இனி என்ன பார்க்க வேண்டும், ரிப்போர்ட்டில் என்ன எழுத வேண்டும்?

பதில்:

சரிதான் தங்கச்சி, நூற்றுக்கு நூறு சரி. அந்தக் காலில் இருக்கிற டேக்கை இன்னும் யாரும் வெட்டவில்லை என்றால் வெட்ட விடாதீர்கள். வெட்டியாகிவிட்டது என்றால் அது எந்தக் குப்பைக்கூடையில் கிடந்தாலும் தேடி எடுத்து ஒரு கவரில் போட்டு, தேதி, நேரம், உங்கள் கையெழுத்து, இன்னொருவர் கையெழுத்து போட்டு சூப்பரின்டெண்டிடம் கொடுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

நான் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பிரசவ வார்டுகளில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள், கடைசிப் பத்து வருஷம் இன்சார்ஜ். உங்கள் சீனியர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. டேக் நம்பர் சேராத சம்பவங்களில் பெரும்பாலானவை எழுத்துப் பிழையாகத்தான் முடியும். ஆனால் எழுத்துப் பிழை என்று சொல்லும்போது நாம் எதை ஒப்புக்கொள்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டேக்குகளை லேபர் வார்டில், பிள்ளையை அம்மா பக்கத்திலிருந்து நகர்த்துவதற்கு முன்னாலேயே ஒருவர் ஒரே மூச்சில் எழுதுகிறார், அம்மா கைக்கு ஒன்று, பிள்ளையின் கைக்கும் காலுக்கும் ஒவ்வொன்று. அங்கேயே பிழை விழுந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு வைட்டமின் கே ஊசி, பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் டேக் பார்த்தவர்கள் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். யார் கண்ணிலும் படவில்லை என்றால் இரண்டில் ஒன்று. ஒருவரும் டேக் பார்க்காமலே ஊசி போட்டிருக்கிறார்கள், அல்லது உங்கள் கையில் இருப்பது லேபர் வார்டில் எழுதிய டேக்கே இல்லை, நடுவில் யாரோ புதிதாக எழுதிக் கட்டியது. இரண்டாவது என்றால், பழைய டேக் கழன்றதற்கும் புது டேக் ஏறியதற்கும் நடுவில் அந்தப் பிள்ளை எந்த அடையாளமும் இல்லாமல் கிடந்த ஒரு நேரம் இருக்கிறது. நாம் தேட வேண்டியது அந்த நேரத்தைத்தான். அது பத்து நிமிஷமா, ஒரு ராத்திரியா? அப்போது பிள்ளை அம்மா பக்கத்தில் கிடந்ததா, வேறு பிள்ளைகளோடு வேறு ரூமில் இருந்ததா?

பிள்ளை அந்த நேரம் முழுக்க அம்மா கட்டிலிலேயே இருந்தது என்று காட்ட முடிந்தால் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. போட்டோதெரபிக்கோ வார்மருக்கோ போயிருந்தால் எழுத்துப் பிழை என்ற சமாதானம் போதாது, வேறு ஆதாரம் வேண்டும்.

நான் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், ஆட்களின் பெயர், நம்பர், எடை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். இரண்டு அம்மாக்களுக்கும் ஒரே பெயர் என்பது மட்டும் அப்படியே. இசக்கியம்மாள் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கம் இது அதிசயமே இல்லை. குலசாமி பெயரை வைக்கிற ஊர்கள் இவை. இசக்கி, பேச்சி, முப்பிடாதி, சங்கரன்கோவில் பக்கம் என்றால் கோமதி, மேலப்பாளையம் என்றால் பாத்திமா. ஒரு வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் எந்த மாதமும் இருப்பார்கள். இதோடு இனிஷியல் குழப்பம் வேறு. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா இனிஷியலில் பதிந்திருப்பார்கள், ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் மாப்பிள்ளை வீட்டு ஆள் நின்று புருஷன் இனிஷியலைச் சொல்லியிருப்பார். அதனால் நம் ஊரில் பெயரும் இனிஷியலும் சேர்ந்தால்கூட ஆளை உறுதி செய்துவிட முடியாது. ஐ.பி. நம்பர்தான் ஆளைப் பிரிக்கிறது. பெட் நம்பரை எண்ணவே எண்ணாதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும்.

சரி, சம்பவத்துக்கு வருகிறேன். முதல் இசக்கியம்மாள், ஐ.பி. 1164. திங்கள் அதிகாலை 3.20க்குப் பெண் குழந்தை, எடை 2.640 கிலோ. இரண்டாவது இசக்கியம்மாள், ஐ.பி. 1179. அதே திங்கள் இரவு 7.45க்கு, அதுவும் பெண் குழந்தை, எடை 3.120 கிலோ. இரண்டு பிள்ளைக்கும் மஞ்சள் காமாலை ஏறி, புதன் சாயங்காலம் ஒரே ரூமில் லைட்டுக்கு வைத்தார்கள். வெள்ளி காலை 8.30க்கு 1179 டிஸ்சார்ஜ் ஆகி முக்கூடல் பக்கம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். 10.40க்கு 1164ஐ அனுப்ப இருந்தபோது, உங்களை மாதிரியே ஒரு சின்னப் பெண், அம்மா கையையும் பிள்ளை காலையும் பக்கத்தில் வைத்துப் படித்தாள். அம்மா கையில் 1164. பிள்ளை காலில், பேபி ஆஃப் இசக்கியம்மாள், 1179. அந்தப் பிள்ளைக்கும் கையில் டேக் இல்லை.

முதலில் செய்தது, வார்டில் மற்ற எல்லா டிஸ்சார்ஜையும் நிறுத்தியது. இதற்கு அன்று எனக்கு நிறையத் திட்டு விழுந்தது, காரைப் பிடித்து வைத்துக்கொண்டு நல்ல நேரம் போகிறது என்று ஆட்கள் நிற்கிறார்கள் இல்லையா. ஆனால் மாறியிருந்தால் எந்தப் பிள்ளையோடு மாறியது என்று அந்த நிமிஷம் நமக்குத் தெரியாது. ஒரு பிள்ளை வாசலைத் தாண்டினால் ஒரு ஆதாரம் வாசலைத் தாண்டுகிறது. வார்டிலும் லைட் ரூமிலும் இருந்த எல்லாப் பிள்ளைகளின் டேக்கையும் அந்தந்த அம்மாவின் டேக்கோடு வைத்து இரண்டு பேர் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மற்ற எல்லாம் சேர்ந்தது, அவர்களை அனுப்பிவிட்டோம்.

அப்புறம் 1179ன் கேஸ் ஷீட்டை எடுத்தோம். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. டிஸ்சார்ஜ் ஆகும் பிள்ளையின் டேக்குகளை வாசலில் வெட்டி, தூக்கிப் போடாமல் கேஸ் ஷீட்டில் ஸ்டேப்ளர் அடித்து வைப்போம். 1179க்கு கை டேக், கால் டேக் இரண்டும் அதில் இருந்தன, இரண்டும் லேபர் வார்டு சிஸ்டரின் கையெழுத்து, பிறந்த நேரம் 7.45 என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் நம் பிள்ளை காலில் இருந்தது 1179 என்று எழுதிய மூன்றாவது டேக். கையெழுத்து வேற, பேனா வேற, பிறந்த நேரமும் எடையும் எழுதவே இல்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு டேக்தான் எழுதுவோம் என்ற வழக்கம் இருந்ததால்தான் மூன்றாவது டேக் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது.

கை டேக் எங்கே என்று விசாரித்தால், ஆச்சி சுருக்குப் பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். புதன் மத்தியானம் வசம்பு கோத்த கறுப்புக் கயிறு கட்டுவதற்காக உருவி எடுத்திருக்கிறாள். "பிள்ளைக்குக் கை வலிக்கும்னுதான் எடுத்தேன் தாயி, தூரப் போடல பாரு, பத்திரமா வச்சிருக்கேன்" என்றாள். அதில் 1164, லேபர் வார்டு கையெழுத்து. எங்களில் சிலருக்கு உடனே மூச்சு வந்தது, ஆனால் அது ஆதாரம் இல்லை தங்கச்சி. உடம்பிலிருந்து கழன்ற டேக், திங்கள்கிழமை ஒரு பிள்ளை கையில் இருந்தது என்று மட்டும்தான் சொல்லும். வெள்ளிக்கிழமை நம் முன்னால் இருக்கிற பிள்ளைதான் அது என்று சொல்லாது. உங்கள் வார்டிலும் அந்தக் கை டேக் எங்காவது கிடைக்கலாம். கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள், ஆனால் அதைத் திரும்பக் கையில் மாட்டிவிட்டு கணக்கை முடிக்காதீர்கள்.

டேக் உருவிக்கொள்வதும் சும்மா நடக்கும். பிறந்த பிள்ளை முதல் சில நாளில் எடை குறையும், கையும் காலும் மெலியும், திங்களன்று சரியாக இருந்த பேண்ட் வியாழனன்று லூஸாகிக் குதிகாலைத் தாண்டி உருவிவிடும். ஆச்சிகள் எல்லோரும் குற்றவாளிகள் இல்லை.

கால் டேக் கதை நர்ஸ் நோட்டில் இருந்தது. பிள்ளை சரியாகப் பால் குடிக்கவில்லை என்று புதன் இரவு 11 மணிக்குக் காலில் வென்ஃப்ளான் போட்டிருக்கிறார்கள், ஸ்ப்ளின்ட் கட்ட இடைஞ்சல் என்று கால் டேக்கை வெட்டியிருக்கிறார்கள். வியாழன் காலை 6 மணிக்கு, நைட் டியூட்டி முடியப் போகிற அவசரத்தில், இன்னொரு காலில் புது டேக். எழுதிய பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டோம். அழுதாள், ஆனால் மறைக்கவில்லை. அம்மா கையைப் பார்த்து எழுதவில்லை, அம்மா வேறு ரூமில் தூங்கிக்கொண்டிருந்தாள், சுவரில் இருந்த போர்டில் இசக்கியம்மாள் என்று கண்ணில் பட்ட வரியைப் பார்த்து எழுதிவிட்டேன் என்றாள். ஆக ஏழு மணி நேரம், ஒரே பெயருள்ள இரண்டு பெண் பிள்ளைகள் ஒரே ரூமில், அதில் ஒன்றுக்குக் கையிலும் டேக் இல்லை, காலிலும் இல்லை. இந்த இடத்தில் எழுத்துப் பிழை நிரூபணமாகிவிட்டது, பிள்ளை மாறவில்லை என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதை மேனேஜ்மென்ட்டுக்குப் புரிய வைக்கத்தான் அன்று எனக்கு அதிக நேரம் ஆனது. 1179 பிள்ளையின் கைகால் டேக் இரண்டும் கடைசி வரை இருந்தது என்பது ஆறுதல்தான், ஆனால் அவை வியாழன் அன்றும் கழலாமல்தான் இருந்தன என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

அடுத்து எடை. இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், ஆனால் செலவே இல்லாமல் கேஸ் ஷீட்டிலேயே கிடைக்கிற நல்ல ஆதாரம் இது. எங்கள் முன்னால் இருந்த பிள்ளையை நிறுத்திப் பார்த்தோம், 2.510 கிலோ. 2.640ல் பிறந்திருந்தால் குறைவு 130 கிராம், ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. பிறந்த பிள்ளை முதல் வாரத்தில் ஏழு, மிஞ்சினால் பத்து சதவீதம் வரை குறைவது வழக்கம்தான் என்பதால் இது பொருந்துகிறது. வீட்டுக்குப் போன பிள்ளை டிஸ்சார்ஜில் 2.980, பிறந்தது 3.120, குறைவு 140 கிராம், அதுவும் பொருந்துகிறது. இப்போது மாறியிருப்பதாக வைத்துக் கணக்குப் போடுங்கள். 3.120ல் பிறந்த பிள்ளை நாலு நாளில் 2.510க்கு வந்திருக்க வேண்டும், அது கிட்டத்தட்ட இருபது சதவீதக் குறைவு, அப்படிக் குறைந்த பிள்ளை வாடிச் சுருண்டு கிடந்திருக்கும். 2.640ல் பிறந்தது 2.980க்கு ஏறியிருக்க வேண்டும், எந்தப் பிள்ளையும் முதல் நாலு நாளில் 340 கிராம் ஏறாது. இடையில் தினமும் எடுத்த எடையையும் வரிசையாக எழுதிப் பார்த்தோம், புதனுக்கும் வியாழனுக்கும் நடுவில் எந்தத் தாவலும் இல்லை.

இந்தக் கணக்கு இவ்வளவு தெளிவாக வந்ததற்குக் காரணம் இரண்டு பிள்ளைக்கும் பிறப்பு எடையில் கிட்டத்தட்ட அரைக் கிலோ வித்தியாசம். வித்தியாசம் நூறு கிராம்தான் என்றால் எடை எதையும் சொல்லாது, தராசு மாறியிருந்தாலே அவ்வளவு வரும். அதனால் உங்கள் கேஸில் எடையைப் பாருங்கள், ஆனால் இழுத்துப் பிடித்துப் பொருத்தாதீர்கள்.

எடையோடு நிறுத்தாமல் ரத்த குரூப்பும் பார்த்தோம். முக்கூடல் வீட்டுக்கு டாக்டரே போன் பண்ணினார். "டேக் எழுதியதில் ஒரு தப்பு நடந்திருக்கிறது, உங்கள் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு தடவை சரிபார்க்க வேண்டும், வண்டி அனுப்புகிறோம்" என்று சொன்னார். சாயங்காலம் வந்துவிட்டார்கள். கேஸ் ஷீட்டில் எழுதியிருந்த குரூப்பை நம்பாமல் இரண்டு அம்மா, இரண்டு பிள்ளை நாலு பேருக்கும் புதிதாக ரத்தம் எடுத்தோம், ஏனென்றால் சாம்பிளே மாறியிருந்தால் பழைய ரிசல்ட்டும் அந்தத் தப்பைத்தான் திரும்பச் சொல்லும். 1164 அம்மா ஓ, 1179 அம்மா ஏபி. எங்களிடம் இருந்த பிள்ளை ஓ, வீட்டிலிருந்து வந்த பிள்ளை பி. ஏபி குரூப் அம்மா பிள்ளைக்கு ஏ அல்லது பி இரண்டில் ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும், அதனால் மிக அரிதான ஒரு பரம்பரை வகையைத் தவிர, அவளுக்கு ஓ பிள்ளை பிறக்காது. ஆக ஓ பிள்ளை 1179 உடையது இல்லை. பி பிள்ளையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது, அப்பா பி என்றால் ஓ அம்மாவுக்கும் பி பிள்ளை பிறக்கலாம். ரத்த குரூப் எப்போதும் இப்படித்தான், இந்த அம்மாவின் பிள்ளை இது இல்லை என்று சொல்லத் தெரியும், இந்த அம்மாவின் பிள்ளைதான் என்று சொல்லத் தெரியாது. இரண்டு அம்மாவும் ஓ, இரண்டு பிள்ளையும் ஓ என்று வந்திருந்தால் எங்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

எடையும் குரூப்பும் ஒரே பக்கம் நின்றதால் இரண்டு குடும்பமும் ஏற்றுக்கொண்டது, டி.என்.ஏ. வரை போகவில்லை. வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி செலவில் எடுத்துத் தருகிறோம் என்று எழுத்திலேயே கொடுத்தோம். உங்கள் கேஸில் பிள்ளை டேக் இல்லாமல் வேறு பிள்ளைகளோடு இருந்தது தெரிந்து, எடையும் குரூப்பும் பிரித்துக் காட்டவில்லை என்றால், டி.என்.ஏ.வைத் தவிர வழியில்லை, அதைத் தள்ளிப் போடாதீர்கள். ஒன்றை மட்டும் டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். பிள்ளை கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கும்போது, பால் குடித்த உடனே எடுத்தால் பாலில் இருக்கிற அம்மாவின் செல்களும் சேர்ந்து வரும். அம்மா யார் என்று பார்க்கிற சோதனையிலேயே பால் கொடுத்தவளின் டி.என்.ஏ. கலந்தால் எவ்வளவு குழப்பம்! பால் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, வாயைத் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும், அல்லது குதிகாலில் குத்தி ரத்தமாகவே எடுத்துவிடலாம், லேப் எதைக் கேட்கிறது என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஒருவர் போலீஸுக்குப் போய்விட்டால் சாம்பிள் எடுப்பது, சீல் வைப்பது எல்லாம் அவர்கள் வழியாகத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், தனியார் லேப் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாதாட முடியாது.

கேஸ் ஷீட்டில் பிள்ளையின் பாத ரேகை இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு மை அப்பல்தான் இருக்கும். பிறந்த பிள்ளையின் பாத ரேகை அவ்வளவு மெல்லியது, மேலே மாவு மாதிரி படிந்திருப்பது வேறு. முதுகில் இருக்கிற நீல மச்சமும் உதவாது, நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அது உண்டு.

பெற்றோரிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த பிரச்சினை அங்கேதான் வரும். அன்றைக்கே, டாக்டரும் இன்சார்ஜும் சேர்ந்து, அம்மாவிடமும் அப்பாவிடமும் உட்கார்ந்து சொல்ல வேண்டும். வராண்டாவில் ஆயாம்மா வாயால் தெரியக் கூடாது. பிள்ளை மாறிவிட்டது என்றும் சொல்லாதீர்கள், ஒன்றுமே இல்லை என்றும் சொல்லாதீர்கள், இரண்டும் அந்த நேரத்தில் நமக்குத் தெரியாத விஷயம். டேக்கில் என்ன தப்பு, இதுவரை என்ன பார்த்தோம், இன்னும் எதைப் பார்க்க வேண்டும், அது எத்தனை மணிக்குத் தெரியும், இவ்வளவுதான். எங்கள் ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏ தாயி, இது எம் பேத்திதானா, உள்ளதச் சொல்லு" என்று கேட்டாள். "அப்படித்தான் நினைக்கிறேன் ஆச்சி, ஆனால் பார்க்காமல் சத்தியம் பண்ண மாட்டேன், சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்" என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குத்தான் அந்தச் சாயங்காலம் வரை தொண்டையில் சோறு இறங்கவில்லை.

பால் விஷயத்தில் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை, நாலு நாள் குடித்த பிள்ளைக்கு அன்று மத்தியானம் நிறுத்தி எந்த லாபமும் இல்லை என்றார். ஆனால் இரண்டு அம்மாக்களின் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி ரிசல்ட்டை அப்போதே எடுத்துப் பார்த்தார், கர்ப்ப காலத்திலேயே எடுத்து ஃபைலில் வைத்திருப்போம் இல்லையா. பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரிக்கவும் இல்லை, ஆனால் வார்டை விட்டு வெளியே கொண்டு போகாமல் ஒரு சிஸ்டர் பக்கத்திலேயே இருந்தார்.

இன்னொன்று, ஆபீஸில் சொல்லி அந்தப் பிள்ளையின் பிறப்புப் பதிவைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பதிவுக்கு 21 நாள் இருக்கிறது, அவசரமே இல்லை. தப்பான விவரத்தோடு போய்விட்டால் பின்னால் திருத்த அந்தக் குடும்பம்தான் அலைய வேண்டியிருக்கும்.

இப்போது ரிப்போர்ட். பார்த்தது, படித்தது, செய்தது, நேரம், இவை மட்டும். ஏன் நடந்தது, யார் தப்பு, எழுத்துப் பிழையாக இருக்கலாம், இதெல்லாம் உங்கள் ரிப்போர்ட்டில் வரவே கூடாது, அது விசாரிப்பவர்களின் வேலை. எங்கள் பெண் எழுதியதை, நம்பரை மட்டும் மாற்றி, நினைவில் இருக்கிறபடி தருகிறேன்:

"காலை 10.40. டிஸ்சார்ஜுக்கு முன் டேக் சரிபார்த்தேன். தாயின் வலது கை டேக்கில் ஐ.பி. நம்பர் 1164. குழந்தையின் இடது கால் டேக்கில் ஐ.பி. நம்பர் 1179, பிறந்த நேரமும் எடையும் எழுதப்படவில்லை. குழந்தையின் இரண்டு கைகளிலும் வலது காலிலும் டேக் இல்லை. டேக்கைக் கழற்றவில்லை. குழந்தை தாயின் அருகில் உள்ளது. 10.45க்கு இன்சார்ஜ் சிஸ்டரிடம் நேரில் தெரிவித்தேன். 10.50க்கு இருவரும் சேர்ந்து மீண்டும் படித்தோம், அதே எண்கள்."

இவ்வளவுதான், கீழே கையெழுத்து. நீங்கள் எழுதும்போது சீனியர் சொன்னதைச் சேர்ப்பதா என்று யோசிப்பீர்கள். அவர் உங்களுக்கு ஒரு வேலை சொன்னார், நீங்கள் அதைச் செய்யவில்லை, எனவே அது நடந்த ஒரு விஷயம்தான். "புது டேக் எழுதி அனுப்பும்படி சொல்லப்பட்டது, நான் செய்யவில்லை, சூப்பரின்டெண்டிடம் தெரிவித்தேன்" என்று நேரத்தோடு ஒரு வரி போதும், அவர் பெயரைக் கேட்டால் வாயால் சொல்லுங்கள். எழுதியதில் தப்பு வந்தால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் நேரமும் போடுங்கள், வைட்னர் தொடவே கூடாது. கேஸ் ஷீட்டில் யாராவது பழைய பக்கத்தில் நம்பரைத் திருத்த வந்தால், திருத்த வேண்டாம், இன்றைய தேதியில் புதிதாக எழுதுங்கள் என்று சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்து பிள்ளை யாருடையது என்று உறுதியான பிறகுதான் புது டேக். அதை இரண்டு பேர் சேர்ந்து, அம்மா கட்டில் பக்கத்தில் நின்று, அம்மா கையில் இருக்கிற டேக்கைப் பார்த்து எழுத வேண்டும், போர்டைப் பார்த்தோ ரிஜிஸ்டரைப் பார்த்தோ எழுதக் கூடாது. எழுதியதை அம்மாவையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், படிக்கத் தெரியாதவர் என்றால் நீங்கள் படித்து அவர் பெயரையும் பிள்ளை பிறந்த நேரத்தையும் அவரையே சொல்லச் சொல்லுங்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் வென்ஃப்ளான் போட டேக்கை வெட்ட வேண்டி வந்தால், வெட்டுவதற்கு முன்னாலேயே இன்னொரு காலில் புதுசைக் கட்டிவிடுவோம். பேபி ஆஃப் இசக்கியம்மாள் என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் இருந்தால் இரண்டு கேஸ் ஷீட் மேலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, ஒருவரை ஜன்னல் பக்கமும் ஒருவரை வாசல் பக்கமும் படுக்க வைத்தோம், லைட்டுக்கு வைக்கும்போதும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதில்லை.

நீங்கள் முதலில் தேட வேண்டியது நர்ஸ் நோட்டில் இரண்டு வரிகள். பிள்ளையின் கையில் டேக் இருந்தது என்று கடைசியாக யார், எத்தனை மணிக்கு எழுதினார்கள், அதற்கப்புறம் பிள்ளை எப்போதெல்லாம் அம்மா ரூமை விட்டு வெளியே போனது. அந்த இரண்டையும் இன்று ராத்திரி தூங்குவதற்கு முன் ஒரு தாளில் எழுதிவிடுங்கள், நாளை டியூட்டி மாறினால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். எழுதிவிட்டு அந்த நேரங்களை மட்டும் இங்கே போடுங்கள், பெயர் எதுவும் வேண்டாம், சேர்ந்து பார்க்கலாம்.